அறிவித்த உரிமையும் வழக்காடும் உரிமையும்: நொய்யலை முன்வைத்து ஒரு சிறு கட்டுரை

சென்னிமலை வாத்தியார்

வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று வாசிப்பதற்காக ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறேன். நான் வரலாறு நடத்துகிறவன்; சட்டம் படித்தவனல்ல. மேடையில் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால் முதலில் இங்கே வைக்கிறேன். தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் விலகி நின்றன, எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. ஆண்களை மட்டும் குறிப்பதாக இருந்த சொல்லை மாற்றி, மனிதர் எல்லோரையும் குறிக்கும் சொல்லை முதல் பிரிவில் வைக்கச் செய்தவர் இந்தியாவின் சார்பில் அங்கே பேசிய ஹன்சா மேத்தா. வேலை செய்யும் உரிமை, நியாயமான கூலி, உடல்நலத்துக்குத் தேவையான வாழ்க்கைத் தரம் எல்லாம் அந்தப் பிரகடனத்தில் இருக்கின்றன.

ஆனால் எங்கள் ஊர்த் தறிக்காரர் ஒருவருக்கு வேலை போய்விட்டால், அந்தப் பிரகடனத்தை எடுத்துக்கொண்டு ஈரோடு நீதிமன்றத்துக்குப் போக முடியுமா? முடியாது. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சொல்லும் ஏடு, அதைத் தர வேண்டிய கடன் யாருடையது என்று சொல்லவில்லை. யார் தர வேண்டும், எங்கே போய்க் கேட்க வேண்டும், தராவிட்டால் என்ன நடக்கும் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது வழக்காடக்கூடிய உரிமை.

நம் அரசமைப்புச் சட்டமே இந்தக் கோட்டைக் கிழித்து வைத்திருக்கிறது. மூன்றாம் பகுதியில் உள்ள அடிப்படை உரிமை மீறப்பட்டால் 32-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கே நேராகப் போகலாம். நான்காம் பகுதியில் இருப்பவை அரசு பின்பற்ற வேண்டிய நெறிகள். எந்த நீதிமன்றமும் அவற்றை நிறைவேற்றச் சொல்லி ஆணையிட முடியாது என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைப் பாருங்கள். சுற்றுச்சூழலை அரசு காக்க வேண்டும் என்ற 48-அ பிரிவு, 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் வழியாக வந்தது. வந்து சேர்ந்த இடம் நான்காம் பகுதி. சாயத் தண்ணீரால் கிணறு கெட்ட விவசாயி அதை வைத்து வழக்குப் போட முடியாது. 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமைக்குள் மாசில்லாத நீரும் காற்றும் அடங்கும் என்று சொன்னது. அங்கேதான் கதவு திறந்தது. 1992-இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாகிப்போனது. ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக் கூடாது என்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து மூன்று மாதம் கெடு கொடுத்தது. கெடு தாண்டியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆக, வெறும் அறிவிப்பாக இருந்த ஓர் உரிமையை நீதிமன்றம் விவசாயியின் கையில் மீட்டுக் கொடுத்தது.

இவ்வளவுதான் கட்டுரை.

பவானிக்கரை

நல்ல கட்டுரை ஐயா. ஆனால் அடிப்படையில் ஓர் இடம் இடிக்கிறது. பிரகடனம் வெறும் அறிவிப்பு என்பது 1948-க்குச் சரி. அதன்பிறகு 1966-இல் ஐ.நா.வின் இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகள் வந்தன. இந்தியா 1979-இல் இரண்டிலும் சேர்ந்துவிட்டது. நாடு கையெழுத்திட்ட உடன்படிக்கை நாட்டுக்குச் சட்டம். போதாததற்கு 1993-இல் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. மாநில ஆணையத்தில் ஒரு மனு கொடுத்தால் அவர்கள் விசாரித்து ஆணையிடுகிறார்கள், வக்கீல்கூட வேண்டியதில்லை. எனவே அறிவித்த உரிமை வேறு, நீதிமன்ற உரிமை வேறு என்ற பிரிவினை பழைய கதை. இதை நூலகத்தில் வாசித்தால் கேட்கிறவர்கள் மனம் தளர்ந்து போவார்கள்.

கருங்கல்பாளையம் வக்கீல்

வாத்தியார் ஐயா, கட்டுரையின் முதுகெலும்பு சரியாக இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் திருத்தம் தேவை, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பவானிக்கரை நண்பருக்கு.

உடன்படிக்கையில் சேர்ந்ததாலேயே அது இங்கே சட்டமாகிவிடாது. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் இதே கேள்வி வந்தது. கடனைத் திருப்பித் தர வக்கில்லாத ஒருவரைச் சிறையில் போடலாமா என்பது விவகாரம். ஒப்பந்தக் கடனைத் தீர்க்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையிடக் கூடாது என்று அந்த உடன்படிக்கைகளில் ஒன்று சொல்கிறது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை உடன்படிக்கை நம் நீதிமன்றத்தைக் கட்டாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தெளிவாக எழுதினார். அதோடு நிற்கவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவை அந்த உடன்படிக்கையின் வெளிச்சத்தில் படித்து, பணம் வைத்துக்கொண்டே தர மறுப்பவரைத்தான் சிறையிடலாம், இல்லாதவரை அல்ல என்று பொருள் கொண்டார். அறிவித்த உரிமை நம் நீதிமன்றத்துக்குள் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. ஏற்கெனவே இருக்கும் உள்நாட்டுச் சட்டம் ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் வரும், தனியாக வராது.

அடுத்து, 1993 சட்டத்தைத் திறந்து மனித உரிமை என்றால் என்ன என்று சொல்லும் இடத்தைப் படியுங்கள். உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் பற்றிய உரிமைகள். அவை அரசமைப்புச் சட்டத்தில் உறுதி செய்யப்பட்டவையாகவோ உடன்படிக்கைகளில் அடங்கியவையாகவோ இருக்க வேண்டும். அதன் வாலில், இந்திய நீதிமன்றங்கள் செயல்படுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதாவது வாத்தியார் சொல்லும் கோடு அழியவில்லை. மனித உரிமைச் சட்டத்துக்குள்ளேயே அது ஓடுகிறது.

ஆணையத்தைப் பற்றிப் பாதி சரி. வக்கீல் இல்லாமல் மனுச் செய்யலாம், உண்மை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் அவர்கள் விசாரிக்க முடியாது. விசாரித்த பிறகு சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் சொல் பரிந்துரை. அந்தப் பரிந்துரை அரசைக் கட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அது பெரிய மாற்றம், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதிகாரிகளின் மீறலுக்கும் அலட்சியத்துக்கும் உரிய கதவு அது. கெட்டுப்போன கிணற்றுக்கு அந்தக் கதவைத் தட்டி அதிகம் பயனில்லை.

இனித் திருத்தம். சுபாஷ் குமார் வழக்கில்தான் கதவு திறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிலக்கரிச் சுரங்கக் கழிவு பொக்காரோ ஆற்றில் கலக்கிறது என்று போட்ட வழக்கு அது. மனுதாரர் பொதுநலனுக்காக வரவில்லை, தன் சொந்தப் பகையைத் தீர்க்க வந்திருக்கிறார் என்று நீதிமன்றம் கண்டது. மாசில்லாத நீருக்கு உரிமை உண்டு என்று நாம் எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி, தோற்றுப்போன ஒரு மனுவின் தீர்ப்பில் இருக்கிறது. நான் கல்லூரியில் இதைப் படித்தபோது பல நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்வதும், இந்த ஆளுக்கு இன்ன நிவாரணம் கொடு என்று ஆணையிடுவதும் இரண்டு வெவ்வேறு படிகள்.

தாராபுரம் தோட்டம்

மனித உரிமை பற்றி வக்கீல் அம்மணி தெளிவாகச் சொல்வதால் கேட்கிறேன். எங்கள் தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். என் தாத்தா காலத்திலிருந்து மாட்டு வண்டி போன தடம். இப்போது தேங்காய் லோடு ஏற்ற வண்டி வர வழியில்லை, தலைச்சுமையாகக் கொண்டுபோய் ரோட்டில் போடுகிறோம். இது வாழும் உரிமை மீறல்தானே? ஆணையத்துக்கு எழுதலாமா, இல்லை நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டுமா?

கருங்கல்பாளையம் வக்கீல்

இரண்டும் வேண்டாம் அண்ணா. உங்கள் ஊர் முன்சீப் நீதிமன்றம் போதும். 1882-ஆம் ஆண்டு அனுபவ பாத்தியதைச் சட்டம் இருக்கிறது. தனியார் நிலத்தின் வழியாக 20 ஆண்டு தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு போய்வந்திருந்தால் அந்த வழி உங்கள் பாத்தியதை. வேலியை எடுக்கவும் இனி அடைக்காமல் இருக்கவும் உறுத்துக்கட்டளை கேட்கலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அந்த 20 ஆண்டு அனுபவம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். வேலி போட்டதைப் பார்த்துக்கொண்டு பேச்சுவார்த்தையிலேயே இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டால் இந்த வழி மூடிக்கொள்ளும்.

வாத்தியார் ஐயா, இதையும் உங்கள் கட்டுரைக்குக் கவனியுங்கள். வண்டித்தடத்தை எந்த நாட்டுப் பேரவையும் பிரகடனம் செய்யவில்லை. இருந்தும் இவருடைய உரிமையில் எதிராளி யார், எந்த நீதிமன்றம், எத்தனை நாளுக்குள், என்ன ஆணை என்ற எல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. வேலை செய்யும் உரிமை அதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. அதற்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஒரத்துப்பாளையம் கீழ்மடை

நான் அணைக்குக் கீழே இருக்கிறவன். வாத்தியார் கட்டுரையின் கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீதிமன்றம் விவசாயியின் கையில் உரிமையை மீட்டுக் கொடுத்தது என்கிறீர்கள். தீர்ப்பைக் கொடுத்தது. எங்களுக்காக வாதாடியவர்களையும் நேரில் வந்து பார்த்தவர்களையும் நான் மறக்க மாட்டேன். ஆனால் என் கிணற்றைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிணற்றுச் சுவரில் தண்ணீர் ஏறி இறங்கிய ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. விரலால் சுரண்டினால் உப்பு உதிரும். அப்பா காலத்தில் அந்தக் கிணற்றை நம்பி மஞ்சளும் வாழையும் வைத்தோம். பிறகு மஞ்சள் போயிற்று, வாழை போயிற்று, தென்னை மட்டும் நின்றது. தென்னையிலும் காய் சிறுத்தது, ஓலை நுனி கருகியது. மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒரு மழை பெய்தால் வயலில் தண்ணீர் இரண்டு நாள் நிற்கும், கீழே இறங்காது. சாயப்பட்டறை உப்பில் இருக்கும் சோடியம் களிமண்ணின் கண்களை அடைத்துவிடுகிறது என்று வேளாண்மைத் துறையிலிருந்து வந்த தம்பி ஒருவர் விளக்கினார். காய்ந்தால் அதே மண் ஓடு மாதிரி இறுகும், கொத்து போட்டால் கட்டி கட்டியாகப் பெயரும்.

உப்பு அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். போன கோடையில் லிட்டருக்கு 2,600 மில்லிகிராம் காட்டியது, மழைக்குப் பிறகு 1,900. ஆற்றில் விடும் கழிவுக்கே சட்டம் 2,100 என்றுதான் எல்லை வைத்திருக்கிறது. பட்டறைகளை மூடச் சொல்லி இத்தனை வருடம் ஆன பிறகும் கோடையில் என் கிணற்றுத் தண்ணீர் அந்த எல்லையைத் தாண்டுகிறது. எங்கள் பக்கம் அடியில் முழுக்கப் பாறை. பாறை இடுக்கில் போய்த் தங்கிய உப்பு நீதிமன்றம் சொன்னால் வெளியேறிவிடாது.

இழப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். வேலூர் தோல் பதனிடும் ஆலை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதுவே எங்கள் நொய்யலுக்கும் கணக்கெடுத்தது. 2004-இல் வந்த கணக்கு 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி 8,700 ரூபாய்கூட வராது. எனக்கு அதுவும் இல்லை. அப்போது பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது, பாகப்பிரிவினை பதிவாகவில்லை. கணக்கெடுக்க வந்தவர்களிடம் காட்ட என் பெயரில் ஒரு காகிதம் இல்லை. உப்புத் தண்ணீர் பட்டா பார்த்து வயலுக்குள் வரவில்லை.

பவானிக்கரை

கீழ்மடை அண்ணா, உங்கள் பதிவைப் படித்து மனது கனத்துவிட்டது. உடன்படிக்கை பற்றி நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீதிமன்றத்தால்தான் உரிமை உயிர் பெறுகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். கல்வியைப் பாருங்கள். 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர பத்தாண்டுக்குள் முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொன்னது. அந்தக் கெடு 1960-இலேயே முடிந்தது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்றது. ஆனால் என் தங்கை மகனுக்குத் தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது தீர்ப்பாலா? இல்லை. 2002-இல் அரசமைப்பைத் திருத்தி, 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றி, எந்தப் பள்ளி எத்தனை இடம் தர வேண்டும், பணத்தை யார் கட்ட வேண்டும் என்று எழுதிய பிறகுதான். நீதிமன்றம் வரி போட முடியாது, பள்ளிக்கூடம் கட்ட முடியாது. அந்த வேலை சட்டமன்றத்துடையது.

கருங்கல்பாளையம் வக்கீல்

இதில் உங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். 1993 தீர்ப்பு இல்லாமல் 2002 திருத்தம் வந்திருக்குமா என்பது மட்டும் எனக்குச் சந்தேகம். தீர்ப்பு தலையில் தட்டியது, சட்டம் கணக்கெழுதியது. எது முதலில் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பழைய சாயக்காரன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். 2011-இல் மூடிய பட்டறைகளில் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். திண்டுக்கல் பக்கம் மழை பொய்த்த ஊரிலிருந்து திருப்பூருக்கு வந்தவன். கீழ்மடை அண்ணனின் கிணற்றைக் கெடுத்ததில் என் கையும் உண்டு. அப்போது என் நகக்கண்ணில் நீலம் போனதே இல்லை, சோறு பிசையும்போது வெட்கமாக இருக்கும். அவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கரண்ட் நின்ற அன்று மெஷினுக்குள் துணி பாதிச் சாயத்தில் கிடந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்றார்கள். மாதங்கள் போயின. லைன் வீட்டு வாடகை கட்ட முடியாமல் மனைவியின் தோட்டை அடகு வைத்தேன், கடைசியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். முதலாளிகள் கோர்ட்டில் பேசினார்கள், விவசாயிகள் பேசினார்கள். சுத்திகரிப்பு நிலையங்களைச் சரி செய்ய அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்ததாகப் பேப்பரில் படித்தேன். எங்கள் பேச்சை யாரும் எடுத்த மாதிரி தெரியவில்லை. வாத்தியார் கட்டுரையில் பிரகடனத்தில் வேலை செய்யும் உரிமையும் இருக்கிறது என்று படித்தேன். தண்ணீர் உரிமைக்குக் கோர்ட்டில் கதவு திறந்தது சரி. அதே ஏட்டில் இருந்த என் உரிமைக்கு ஏன் திறக்கவில்லை? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கருங்கல்பாளையம் வக்கீல்

அண்ணா, இந்த இழையிலேயே பெரிய கேள்வி உங்களுடையதுதான்.

இரண்டு உரிமைகளும் நான்காம் பகுதியில்தான் இருந்தன. சுற்றுச்சூழல் 48-அ, வேலை 41. விவசாயியின் கோரிக்கை நீதிமன்றம் எளிதாகச் சொல்லக்கூடிய வடிவத்தில் இருந்தது: கழிவை விடாதே, விட்டால் பணம் கட்டு, கேட்கவில்லை என்றால் மூடு. 2006 ஆணையில் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா என்று தொடங்கி, 8, 10 என்று ஏறும் தண்டத்தொகை வைத்தார்கள். எதிராளி யார் என்றும் தெரியும். போதாததற்கு 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், மூடவும் மின்சாரத்தை வெட்டவும் அதிகாரத்தை ஏற்கெனவே எழுதிவைத்திருந்தது. 21-ஆம் பிரிவு உரிமையைச் சொன்னது, கையில் பிடிக்கக் கைப்பிடி கொடுத்தது அந்தச் சட்டம்.

உங்கள் கோரிக்கையோ, எனக்கு வேலை கொடு என்பது. யார் கொடுக்க வேண்டும்? பட்டறை முதலாளியா, அரசா? 41-ஆம் பிரிவே, பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற சொல்லைச் சேர்த்துத்தான் பேசுகிறது. அதற்குக் கைப்பிடியாக 2005-இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. ஆனால் அது கிராமத்தில் மண் வெட்டும் வேலைக்கு. திருப்பூர் லைன் வீட்டில் இருந்த உங்களுக்கு அது எட்டவில்லை.

ஆனாலும் உங்களுக்கு ஒரு கதவும் இல்லை என்று சொன்னால் அது பொய். தொழில் தகராறுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, பட்டறை மூடினால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு உண்டு. முதலாளியின் கையை மீறிய காரணத்தால் மூடியது என்று நிரூபித்தால் அது மூன்று மாத ஊதியத்தைத் தாண்டாது. இது கேட்டு வாங்கக்கூடிய உரிமை. வேலை பார்த்ததற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி இருந்தது? பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை ஏதாவது?

இன்னொன்று. 1996-இல் டெல்லியில் மாசு விளைவித்த தொழிற்சாலைகளை நகரத்தை விட்டு வெளியேற்றச் சொன்னபோது, தொழிலாளர்களுக்கு ஊதியமும் இழப்பீடும் தர வேண்டும் என்று அதே ஆணையில் உச்ச நீதிமன்றம் எழுதியது. ஆகவே நீதிமன்றத்தால் முடியாத காரியமல்ல. சாயத் தொழிலாளர்களுக்கும் அப்படி ஓர் ஆணை வந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பழைய சாயக்காரன்

அட்டை எதுவும் இல்லை அம்மா. கான்ட்ராக்டர் சனிக்கிழமை சனிக்கிழமை கையில் கூலி கொடுப்பார். ஒரு நோட்டில் பெயரையும் ஷிப்ட்டையும் எழுதுவார். அந்த நோட்டு அவரிடம். ஆறு வருடம் வேலை பார்த்தேன். இப்போது வேறு மில்லில் இருக்கிறேன், இங்கே அட்டை போட்டிருக்கிறார்கள்.

ஒரத்துப்பாளையம் கீழ்மடை

தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். கழிவு எங்கே போகிறது என்று முடிவு செய்தவர் நீங்கள் இல்லை. உங்களுக்கு நோட்டு இல்லை, எனக்குப் பட்டா இல்லை. நாம் இருவரும் ஒரே இடத்தில்தான் நின்றுவிட்டோம். ஆனால் பட்டறைகளை மூடியது தவறு என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. மூடாமல் விட்டிருந்தால் இன்று மீட்டரில் 2,600-ஐப் பார்க்கக்கூட நான் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டேன்.

பழைய சாயக்காரன்

தவறு என்று நானும் சொல்லவில்லை அண்ணா. எங்களையும் அந்த ஆணையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

தாராபுரம் தோட்டம்

வக்கீல் அம்மணிக்கு நன்றி. கணக்குப் பார்த்தேன், வேலி போட்டு பதினான்கு மாதம் ஆகிறது. ஊர்ப் பெரியவர்கள் ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனிக் காத்திருக்கவில்லை. புலப்படத்தில் அந்தத் தடம் காட்டப்படவில்லை, அதனால் பாதிப்பு உண்டா?

கருங்கல்பாளையம் வக்கீல்

இல்லாவிட்டாலும் வழக்குப் போடலாம். அனுபவத்தைச் சாட்சியால் நிரூபிக்க வேண்டியிருக்கும். அந்தத் தடத்தில் வண்டி ஓட்டிய வயதானவர்கள் இருவராவது வந்து சொல்ல வேண்டும். பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை விவரத்தில் வண்டித்தடம் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள், உங்களுடையதில் மட்டுமல்ல, பக்கத்துக் காடுகளின் பத்திரங்களிலும்.

சென்னிமலை வாத்தியார்

கடைசிப் பத்தியை அடித்துவிட்டேன். மீட்டுக் கொடுத்தது என்ற சொல்லை எடுத்துவிட்டு, கழிவை நிறுத்தவும் பணம் கட்டவும் மூடவும் நீதிமன்றத்தால் ஆணையிட முடிந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். சுபாஷ் குமார் மனு தள்ளுபடியானதையும் சேர்த்துவிட்டேன். அதன்கீழ் கீழ்மடை ஐயாவின் கிணற்றையும், 41-ஆம் பிரிவையும் எழுத வேண்டும். இருவரிடமும் அனுமதி கேட்கிறேன்: நீங்கள் இங்கே எழுதியதை உங்கள் சொற்களிலேயே வாசிக்கலாமா?

ஒரத்துப்பாளையம் கீழ்மடை

தாராளமாக வாசியுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள் காலையில் ஒருமுறை அளந்து எண்ணை அனுப்புகிறேன், பழைய எண்ணைச் சொல்ல வேண்டாம்.

பழைய சாயக்காரன்

வாசியுங்கள் ஐயா. அன்று எனக்கு ஷிப்ட் இல்லையென்றால் நானே வருகிறேன். அந்த நோட்டைப் பற்றி மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.